பில்லை விற்றுவிட்டால் இரண்டு முறை கட்ட வேண்டுமா?

“சப்ளையர் பில்லை ஃபைனான்ஸ் கம்பெனிக்கு மாத்திட்டா, நமக்குத் தெரியாட்டியும் பணம் அவங்களுக்குத்தான், சப்ளையருக்குக் கட்டினா மறுபடி கட்டணும்.”

தவறு. பில் கைமாறியதாக உங்களுக்கு அறிவிப்பு வந்த நாள்தான் கணக்கு. ஒரு லட்சத்துக்கு 60 நாள் தவணை பில், அதை வைத்து சப்ளையர் 80,000 முன்பணம் வாங்கிவிட்டார் என்று வையுங்கள். 40-ஆம் நாள் நீங்கள் வழக்கம்போல அவருக்கே கட்டுகிறீர்கள், அறிவிப்பு 45-ஆம் நாள்தான் வருகிறது என்றால் உங்கள் கடன் தீர்ந்தது, ஃபைனான்ஸ்காரர் சப்ளையரைத்தான் துரத்த வேண்டும். அதுவே அறிவிப்பு 35-ஆம் நாளே வந்திருந்தால் கதை வேறு, அப்போது மறுபடி கட்ட வேண்டிவரும்.

பில்லைக் காட்டி சப்ளையர் முன்பணம் மட்டும் வாங்கும் இன்வாய்ஸ் டிஸ்கவுண்டிங்கில் பெரும்பாலும் உங்களிடம் சொல்லவே மாட்டார்கள். சப்ளையரே வசூலித்துத் திருப்பிக் கட்டுவார். பில்லையே ஃபைனான்ஸ் கம்பெனிக்கு விற்று வசூலையும் ஒப்படைக்கும் ஃபேக்டரிங்கில்தான் பொதுவாகக் கடிதம் வரும்: எந்த பில், யாருக்கு மாற்றப்பட்டது, இனி எந்தக் கணக்கில் கட்டுவது என்று. அது வந்ததும் சப்ளையரை உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் கூப்பிட்டு உறுதி செய்யுங்கள், கடிதத்தில் உள்ள எண்ணில் அல்ல (மோசடிக்காரர்களுக்கும் லெட்டர்பேட் அடிக்கத் தெரியும்).

அப்புறம், சரக்கில் 10,000 அளவுக்குப் பழுது இருந்தால் அந்தக் கழிவைப் பொதுவாக ஃபைனான்ஸ்காரரிடமும் கேட்கலாம், ஒப்பந்தத்தில் நீங்களே அதை விட்டுக்கொடுத்திருந்தால் தவிர.