ரிவைஸ்டா பிலேட்டடா? Discard பட்டனைத் தொடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

2025-ல வருமான வரி ரிட்டர்ன் போடக் கடைசித் தேதியான செப்டம்பர் 16 தாண்டுனதுல இருந்து எனக்கு வந்த போன்ல பாதி ஒரே கேள்விதான். "ரிட்டர்ன் போட்டுட்டேன், ஆனா பேங்க் வட்டியைக் காட்ட மறந்துட்டேன், இப்ப கடைசித் தேதியும் முடிஞ்சிருச்சு, அப்போ பிலேட்டட் ரிட்டர்ன்தான் போடணுமா, அஞ்சாயிரம் ஃபைன் கட்டணுமா?" கேக்குறவங்க எல்லாரும் படிச்சவங்க, மாசச் சம்பளக்காரங்க. அவங்களுக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுக்குறவங்களே சில பேரு "ஆமா, டேட் முடிஞ்சா பிலேட்டட்தான்"னு சொல்லிடறாங்க. அது தப்புங்க, கேக்கவே வயிறு எரியுது.

தேதி முடிஞ்சதா இல்லையாங்கறது முதல் கேள்வியே இல்ல. கடைசித் தேதிக்குள்ள செல்லுபடியாகுற ரிட்டர்ன் ஒண்ணு உங்க பேர்ல உள்ள போயிருக்கா, அதான் கேள்வி. போயிருந்தா, விட்டுப்போன வருமானத்தைச் சேர்க்குறது ரிவைஸ்ட், வருமான வரிச் சட்டத்துல பிரிவு 139(5). ஒண்ணுமே போகலைன்னா தேதி தாண்டிப் போடறது பிலேட்டட், பிரிவு 139(4). 2024-25 நிதியாண்டுக்கு ரெண்டுக்குமே கடைசி நாள் 2025 டிசம்பர் 31, அதனாலதான் ஜனங்க ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறாங்க.

இதுல "செல்லுபடியாகுற"ங்கற வார்த்தையிலதான் வில்லங்கமே இருக்கு. ரிட்டர்ன் ஏத்திட்டா மட்டும் போதாது, 30 நாளைக்குள்ள ஈ-வெரிஃபை பண்ணணும், பண்ணலைன்னா நீங்க போடவே இல்லாத மாதிரி. இந்த இடத்துலதான் கோயமுத்தூர்ல இருக்குற என் சித்தப்பா பையன் மாட்டத் தெரிஞ்சான்.

செப்டம்பர் 14 ராத்திரி உக்காந்து ரிட்டர்ன் போட்டிருக்கான். ஆதார்ல இருக்குறது பழைய நம்பர், ஓடிபி வரல, சரி அப்புறம் வெரிஃபை பண்ணிக்கலாம்னு விட்டுட்டான். 22-ஆம் தேதி சும்மா, நம்ம வருமானம் பத்தி வரித்துறை கிட்ட இருக்குற பட்டியலான ஏஐஎஸ்-ஐத் திறந்து பார்த்தா, கல்யாணத்துக்கு வந்த பணத்தைப் போட்டு வச்ச எஃப்.டி வட்டி 90,000 ரூபாய், டிடிஎஸ் 9,000 பிடிச்சதாக் காட்டுது. இவன் ரிட்டர்ன்ல அதுல ஒத்த ரூபா இல்ல. டிடிஎஸ் பிடிச்சாச்சுன்னா வரி முடிஞ்சதுன்னு நெனச்சிருக்கான், ஆனா இவன் 20 பர்சன்ட் ஸ்லாப்ல இருக்கான், பேங்க் பிடிச்சது 10 பர்சன்ட்தான்.

ஆபீஸ்ல கூட வேலை செய்யறவர் ஒருத்தர், "இன்னும் வெரிஃபை பண்ணலைல, ரொம்ப நல்லதாப் போச்சு, e-Verify ITR பக்கத்துல Discard-னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதை அமுக்கிட்டு புதுசா கரெக்டாப் போட்டுரு"ன்னு சொல்லியிருக்காரு. கேக்க நியாயமாத்தான் இருக்கும். அமுக்குறதுக்கு முன்னாடி, "அண்ணா, இப்படிப் பண்ணலாமா?"ன்னு எனக்கு ஒரு போன் போட்டான், அந்தப் புண்ணியத்துல தப்பிச்சான்.

"டேய், கையை எடு முதல்ல"ன்னேன்.

ஏன்னா Discard பண்ணிட்டா 14-ஆம் தேதி போட்ட ரிட்டர்ன் போச்சு. புதுசாப் போடறது 22-ஆம் தேதிக் கணக்கு, அதாவது பிலேட்டட். அதுக்குப் பதிலா அந்தத் தப்பான ரிட்டர்னையே 30 நாளைக்குள்ள வெரிஃபை பண்ணிட்டா, ஏத்துன தேதியான செப்டம்பர் 14-தான் தாக்கல் தேதி, அது டயத்துக்குள்ள போட்ட ரிட்டர்ன். அதுக்கு மேல ரிவைஸ்ட் போடலாம். தப்புன்னு தெரிஞ்ச ஒண்ணை எப்படிண்ணா வெரிஃபை பண்றதுன்னு அவன் தயங்குனான், அவன் தயக்கம் எனக்குப் புரிஞ்சுது, ஆனா வெரிஃபை பண்ணிட்டு அப்பவே சரிபண்ணிப் போடப் போறோம், அதுக்குத்தானே சட்டத்துல ரிவைஸ்ட்னு ஒண்ணு வச்சிருக்காங்க.

இதுல எவ்வளவு பணம் நிக்குதுன்னு பாருங்க. அவன் சம்பளம் 12 லட்சம். வீட்டுக்கடன் வட்டி 2 லட்சம், 80சி, என்பிஎஸ், மெடிக்கல் இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கறதால, அதையெல்லாம் கழிக்க விடுற பழைய ரெஜிம் எடுத்திருக்கான். கழிக்க வேண்டியதைக் கழிச்சா 7,25,000, வரி 59,800, அதை ஆபீஸ்லயே பிடிச்சுட்டாங்க. 90,000 வட்டியைச் சேர்த்தா வரி 78,520. பேங்க் பிடிச்ச 9,000-ஐயும் கழிச்சா அவன் கட்ட வேண்டியது 9,720. மீதி பத்தாயிரத்துக்குக் கீழ இருக்கறதால அட்வான்ஸ் டாக்ஸ் வட்டியும் கிடையாது, முதல் ரிட்டர்ன் டயத்துக்குப் போனதால லேட்டுக்கான 234எஃப் ஃபீஸும் கிடையாது. மொத்தமே 9,720 ரூபாதான்.

இதே Discard அமுக்கியிருந்தா? பலருக்குத் தெரியாத அடி இங்கதான் விழுது. பிலேட்டட்ல பழைய ரெஜிம் எடுக்கவே முடியாது, கடைசித் தேதிக்குள்ள எடுத்தாத்தான் உண்டு. புது ரெஜிம்ல வீட்டுக்கடன் வட்டியும் போச்சு, 80சி-யும் போச்சு. வருமானம் 12,15,000, வரி 86,320. பிடிச்ச டிடிஎஸ் எல்லாம் போக 17,520 கட்டணும், அதுக்கு மேல ஃபீஸ் 5,000, ஆக 22,520. பாக்கி பத்தாயிரத்தைத் தாண்டிட்டதால வட்டி வேற தனி. எல்லாரும் அஞ்சாயிரம் ஃபைனையே பேசறாங்க, ஆனா இவன் கேஸ்ல அதை விடப் பெரிய அடி ரெஜிம் மாறுறதுதான். ஷேர்ல நஷ்டம் காட்டி அடுத்த வருஷத்துக்குக் கொண்டு போறவங்களுக்கு இன்னும் மோசம், பிலேட்டட்ல அந்த நஷ்டத்தைக் கொண்டு போக முடியாது.

அன்னைக்கே நெட் பேங்கிங் வழியா உள்ள போய் வெரிஃபை பண்ண வச்சேன். அப்புறம் e-Pay Tax-ல 2025-26 அசெஸ்மென்ட் இயர் போட்டு செல்ஃப் அசெஸ்மென்ட் டாக்ஸா 9,720 கட்டுனான். அதுக்கப்புறம் ரிட்டர்ன் போடற இடத்துல 139(5) தேர்ந்தெடுத்து, பழைய ரிட்டர்னோட 15 இலக்க அக்னாலெட்ஜ்மென்ட் நம்பரும் தேதியும் போட்டோம். வட்டியை மத்த வருமானத்துல காட்டுனோம், பேங்க் பிடிச்ச டிடிஎஸ்-ஐயும் சேர்த்தோம், சலானையும் போட்டோம். ரிவைஸ்ட்னா விட்டுப்போனதை மட்டும் காட்டுறதுன்னு சில பேரு நெனைக்கிறாங்க, இல்லைங்க, முழு ரிட்டர்னையும் திரும்பப் போடணும், பழசுக்குப் பதிலா இதுதான் நிக்கும்.

ரிட்டர்னைச் சரிபார்த்து வரித்துறை அனுப்புற 143(1) இன்டிமேஷன் வந்துருச்சே, ரீஃபண்டே அக்கவுண்ட்ல ஏறிருச்சே, இனிமே முடியாதேன்னு சொல்றவங்களுக்கும் சொல்றேன், அது அசெஸ்மென்ட் இல்ல, ரிவைஸ் பண்ண 2025 டிசம்பர் 31 வரைக்கும் டயம். அதிகமா வாங்குன ரீஃபண்டைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். நிஜமாவே ஒண்ணும் போடாம விட்டவங்க, இல்ல 30 நாள் தாண்டியும் வெரிஃபை பண்ணாம விட்டவங்க பிலேட்டட்தான் போகணும், போங்க, தள்ளிப் போடாதீங்க, அதுலயும் ஏதாவது விட்டுப்போச்சுன்னா அதே தேதிக்குள்ள அதையும் ரிவைஸ் பண்ணலாம். அந்தத் தேதியும் போச்சுன்னா அப்டேட்டட் ரிட்டர்ன்தான், அதுல வரி, வட்டிக்கு மேல ஆரம்பமே 25 பர்சன்ட் கூடுதல்.

எனக்கு ஒரே ஆதங்கம், அந்த Discard-ஐ அமுக்கும்போது "கடைசித் தேதி முடிஞ்சிருச்சு, இனி போடறது பிலேட்டட், பழைய ரெஜிம் கிடைக்காது"ன்னு தமிழ்ல பெரிய எழுத்துல கேட்டா எத்தனை பேர் தப்பிப்பாங்க. கூட வேலை செய்யறவர் மேல எனக்குக் கோவமே இல்ல, அவரு நல்லதுக்குத்தான் சொன்னாரு.

தம்பி ரிவைஸ்ட் போட்டு முடிச்சு "அப்பாடா"ன்னு லேப்டாப்பை மூடப் போனான். "இதையும் வெரிஃபை பண்ணணும்டா"ன்னேன். மறுபடி திறந்து பண்ணிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புனான்.