'இ' எழுத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும் பெயர்

அக்கா மகளுக்குப் பாளையங்கோட்டையில் பிள்ளை பிறந்திருக்கிறது. கார்த்திகை நட்சத்திரம், இரண்டாம் பாதம். அந்த நட்சத்திரத்தின் நான்கு பாதங்களுக்கும் வரிசையாக அ, இ, உ, எ என்பதால் 'இ'யில் பெயர் வைக்க வேண்டும். ஆணோ பெண்ணோ எது பிறந்தாலும் இருபாலுக்கும் பொருந்தும் பெயர்தான் என்று அவள் முன்பே முடிவு செய்திருந்தாள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

பெயர்ப் பட்டியல்களில் 'இருபாலர்' என்று போட்டு இனியன், இனியா இரண்டையும் கொடுத்திருக்கிறார்கள். அது ஒரே பெயர் இல்லை. 'அன்' வந்ததும் ஆணாகிவிடுகிறது, 'ஆ' வந்ததும் பெண்ணாகிவிடுகிறது. விகுதியை விட்டுவிட்டு, ஒரு பொருளையோ பண்பையோ பருவத்தையோ குறிக்கும் சொல்லை அப்படியே எடுத்தால் தமிழில் தானாகவே இருபாலுக்கும் பொருந்தும். இனிமை, இன்பம், இன்னிசை, இளம்பிறை, இளவேனில். இசை என்றால் பாட்டு மட்டுமில்லை, புகழ் என்றும் பொருள் உண்டு.

இதைக் கேட்ட ஆச்சி, "என்னட்டி பேரு இது, ஆணா பொண்ணான்னு தெரியாண்டாமா?" என்றாள். "நம்ம தெருவுல இசக்கின்னு கூப்பிட்டா ஆம்பளையும் திரும்புதான், பொம்பளையும் திரும்புதா. அதுக்கு என்ன சொல்லுதிய?" என்று கேட்டேன். இசக்கிமுத்துவும் இசக்கியம்மாளும் வீட்டில் வெறும் இசக்கிதானே! திருநெல்வேலிச் சீமைக்கு இது புதுப்பழக்கமே இல்லை. ஆச்சி அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் 'இ'யில் ஒரு சிக்கல் உண்டு. அடுத்த எழுத்து 'அ' அல்லது 'ஐ' ஓசையோடு வந்தால் பேச்சில் 'இ' நழுவி 'எ' ஆகிவிடும். இலை எலையாவது போல. இசக்கியை நம் ஊரில் பலர் Esakki என்று எழுதுவது அதனால்தான். இளவேனில், இளம்பிறை, இசை மூன்றுக்கும் இதே கதிதான். எழுத்துப் பார்த்து வைத்த பெயர் வாயில் நான்காம் பாதத்து 'எ'யாகிவிடும், சான்றிதழிலும் I இருக்க வேண்டிய இடத்தில் E ஏறிவிடும். இனிமையில் 'இ'யை அடுத்து இன்னொரு 'இ' வருகிறது. இன்பத்திலும் இன்னிசையிலும் 'இ'க்குப் பின்னால் ஒற்று நிற்கிறது. அதனால் இந்த மூன்றிலும் 'இ' அசையாது. வைக்கப் போகிற பெயரை வீட்டில் நாலு பேரிடம் சத்தமாகக் கூப்பிடச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

அக்கா மகள் இன்னிசையை எடுத்தாள். பொருளும் நல்லது, கூப்பிடவும் வாகாக இருக்கிறது.

பிறப்புப் பதிவில் பெயரைச் சேர்க்கப் பிறப்பைப் பதிவு செய்த தேதியிலிருந்து ஒரு வருஷம் வரை கட்டணம் கிடையாது, அதனால் அவசரப்பட வேண்டாம். கொடுக்கும்போது மட்டும் தமிழிலும் ஆங்கிலத்திலும் நீங்களே தெளிவாக எழுதிக் கொடுங்கள், தட்டச்சானதும் அங்கேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.