காந்தாரம் இறங்கவில்லை

என் மகள் ஒரே வாரத்தில் ஒரே ஸ்வரத்துக்கு இரண்டு தீர்ப்பு வாங்கி வந்தாள். பியானோ வகுப்பில் பாடிக்காட்டியபோது, "மூன்றாவது ஸ்வரம் கொஞ்சம் இறங்குகிறது, கட்டையை அழுத்திக் கேட்டுப் பாடு" என்றார்களாம். பாட்டு வகுப்பில் அதே சங்கராபரண காந்தாரத்தை நீட்டி நிறுத்தியபோது டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, "அங்கேயே நில்" என்றாராம். எது சரி என்று வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டாள்.

கைபேசியில் சுருதி காட்டும் செயலியைத் திறந்து வைத்துவிட்டுத் தம்புராவோடு பாடச் சொன்னேன். முள் சற்று ஆடி நின்றது. திரையில் "B3 -14" என்று வந்தது. B3 என்பது பியானோவில் அந்தக் காந்தாரம் விழும் கட்டையின் பெயர். பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை நூறாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு சென்ட் என்று பெயர். பியானோ எதிர்பார்க்கும் இடத்துக்குப் பதினான்கு சென்ட் கீழே அவள் நிற்கிறாள். அதாவது பியானோ டீச்சர் காது கேட்டது உண்மைதான். ஆனால் குற்றம் பெண்ணுடையது இல்லை.

அவள் பாடும் சுருதி ஐந்து கட்டை. ஆதார சட்ஜம் விநாடிக்கு 196 அதிர்வுகள். தம்புராவின் மந்தர சட்ஜத் தந்தியை மீட்டினால், அது முழு நீளத்துக்கும் அதிர்வதோடு இரண்டாக, மூன்றாக, நான்காக, ஐந்தாகவும் தன்னைப் பிரித்துக்கொண்டு அதிர்கிறது. அந்த ஐந்தாவது பிரிவில் பிறப்பதுதான் சங்கராபரணத்தில் வரும் அந்தர காந்தாரம். குதிரையின் மேல், தந்திக்கு அடியில் செருகும் பருத்தி நூலைச் சரியான இடத்துக்கு நகர்த்தினால் அந்த ஒலி இன்னும் பளிச்சென்று எழும். யாரும் மீட்டாத காந்தாரம் தானாகக் கேட்கும். சுயம்பு காந்தாரம் என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். இந்தக் காந்தாரத்தை மத்திய ஸ்தாயிக்கு இறக்கிக் கணக்கிட்டால் 196-ஐ நான்கால் வகுத்து ஐந்தால் பெருக்க வேண்டும். விடை 245. பியானோவில் அதே இடத்துக் கட்டை ஏறக்குறைய 247.

இரண்டு அதிர்வு வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். சட்ஜத்தையும் காந்தாரத்தையும் பியானோவில் சேர்த்து அழுத்தி, ஒலி அடங்கும்வரை கேட்டுப் பாருங்கள். மேலே எங்கோ ஒரு நடுக்கம் ஓடும். இந்தச் சுருதியில் விநாடிக்குக் கிட்டத்தட்ட எட்டு துடிப்புகள். சட்ஜத்தின் ஐந்தாவது பிரிவும் காந்தாரத்தின் நான்காவது பிரிவும் ஒன்றோடொன்று ஒட்டாமல் உரசும் சத்தம் அது. பியானோவுக்குச் சுருதி கூட்டுபவர்கள் இந்தத் துடிப்பை எண்ணித்தான் வேலை செய்கிறார்கள். காந்தாரம் துடிக்காமல் நின்றுவிட்டால், அவர்கள் கணக்கில் அதுதான் பிழை!

ஏன் இப்படி வேண்டுமென்றே கலைத்து வைக்கிறார்கள்? அதே காந்தாரக் கணக்கை மூன்று முறை மேலே அடுக்கிப் பாருங்கள். 196-இலிருந்து சுத்தமான காந்தாரம் 245. அந்த 245-ஐ சட்ஜமாக்கினால் அதன் காந்தாரம் 306.25. அதையும் சட்ஜமாக்கினால் அடுத்த காந்தாரம் 382.8. பியானோவில் மூன்று முறை இப்படித் தாவினால் மேல் சட்ஜத்தில் போய் நிற்க வேண்டும், அது 392. ஒன்பது அதிர்வுக்கு மேல் துண்டு விழுகிறது. சென்டில் சொன்னால் 41. அந்தப் பள்ளத்தை மூன்று காந்தாரங்களுக்கும் பங்கு போட்டு, ஒவ்வொன்றையும் ஏறத்தாழ பதினான்கு சென்ட் உயர்த்திவிட்டார்கள். பஞ்சமத்துக்கு இந்தக் கஷ்டம் அதிகம் இல்லை. அது இரண்டு சென்ட்தான் தவறுகிறது.

மேற்கத்திய இசையில் ஒரே உருப்படிக்குள் சட்ஜம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இன்றைய காந்தாரம் நாளை சட்ஜமாக வேண்டும். எந்தக் கட்டையிலிருந்து புறப்பட்டாலும் வழி ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றால், எல்லாக் கட்டைகளும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். நம் கச்சேரியில் தம்புரா முதல் உருப்படியிலிருந்து மங்களம் வரை அதே சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமே எழவில்லை. பியானோ இல்லாமல் வெறும் குரலில் பாடும் மேற்கத்தியக் குழுக்களும், ஒரு கூட்டொலியை நீட்டி நிறுத்தும்போது, காந்தாரத்தை இந்தப் பதினான்கு சென்ட் இறக்கத்தான் பார்க்கின்றன.

இந்த இடத்தில் நம்மவர்கள் சிலர் மார்தட்டத் தொடங்குவார்கள். "அவர்களுக்குப் பன்னிரண்டு, நமக்கு இருபத்திரண்டு சுருதி." எனக்கு இந்தப் பேச்சு பிடிப்பதில்லை. வீணையைத் திருப்பிப் பாருங்கள். ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு மெட்டுகள், இரண்டு ஸ்தாயிக்கு இருபத்து நான்கு. பியானோவுக்கு எத்தனை கட்டையோ அத்தனை. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டபோது, இருபத்திரண்டு என்பதையே மறுத்து, ஸ்தாயி சமமான இருபத்து நான்கு பங்கு என்று வாதாடினார். அவர் சொன்ன சமப் பங்கை என் காது ஏற்கவில்லை; எண்ணைக் கேள்வி கேட்ட துணிச்சலை ஏற்கிறது.

ஏனென்றால் எண்ணிக்கையில் விஷயம் இல்லை. தோடியின் ஏழு ஸ்வரங்களைப் பியானோவில் நேராக ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். வருவது தோடி இல்லை. ஹிந்துஸ்தானி பைரவிக்கும் அதே ஏழு கட்டைகள்தான். கேட்பவருக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும். தோடியின் சாதாரண காந்தாரம் ஓரிடத்தில் உட்காருவதே கிடையாது. சுத்த ரிஷபத்தின் பக்கம் தொட்டு, மத்திமத்தின் பக்கம் எழும்பி, திரும்பி ஆடிக்கொண்டே இருக்கும். வீணைக்காரர் மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அதை வரவழைக்கிறார். அந்த ஆட்டத்தின் நடுவே சென்ட் கணக்கு பார்ப்பது ஊஞ்சல் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்பதைப் போன்றது. செயலியை வைத்துப் பார்த்தோம். முள் இரண்டு பக்கமும் அலைந்து, மூன்று ஸ்வரங்களின் பெயரை மாறி மாறிக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது.

ஆகவே நம் சங்கீதத்தில் நுண்ணிய சுருதி இரண்டு வேறு காரணங்களால் வருகிறது. நின்று ஒலிக்கும் ஸ்வரம் தம்புராவோடு ஒட்ட வேண்டும் என்பது ஒன்று. அசையும் ஸ்வரம் கட்டைகளுக்கு நடுவே உள்ள வெளியிலேயே வாழ்கிறது என்பது இன்னொன்று. முதலாவதில் பியானோ பதினான்கு சென்ட்தான் தவறுகிறது. இரண்டாவதில் அது வாய் திறக்கவே முடியாது. 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்ததற்குப் பின்னாலும் இந்த இரண்டு புகார்களும் கலந்தே இருந்தன. பிரித்துப் பார்த்திருந்தால் இவ்வளவு சண்டை வந்திருக்காது என்று எனக்குத் தோன்றும்.

மகளுக்கு ஒரு ஏற்பாடு செய்து கொடுத்தேன். பாட்டுப் பயிற்சியின்போது கீபோர்டில் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும். காந்தாரக் கட்டையை அழுத்தக் கூடாது. பியானோ வகுப்பில் கட்டையோடு சேர்ந்து பாடும்போது பதினான்கு சென்ட் ஏற்றிப் பாடட்டும், அங்கே அதுதான் வழக்கம். ஒரு மாதத்தில் இரண்டும் பழகிவிட்டது. நேற்று இரவு பியானோவில் சட்ஜ காந்தாரத்தைச் சேர்த்து அழுத்திவிட்டு, காதைப் பலகையில் வைத்து, "அப்பா, எட்டு இல்லை, ஏழுதான் எண்ண முடிகிறது" என்கிறாள்.