ஒன்றரை மணி நேரத் தாளுக்கு எதை வெட்டுவது?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். எல்லாரும் தமிழ் மீடியம், கேரள எஸ்.எஸ்.எல்.சி. மார்ச் நெருங்கினால் ஆளுக்கொரு ஷார்ட் நோட் கையில் இருக்கும். வாங்கிப் பார்த்தால் பெரிய நோட்டையே பொடி எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். கேட்டால், "முக்கியமானதை மட்டும் எடுத்திருக்கேன் டீச்சர்" என்பார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. முக்கியமான வரிகளில் பாதி அவர்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம். தேர்வு அறையில் எந்த இடத்தில் பேனா நின்றுபோகுமோ, அந்த இடத்துக்கான வரி இருந்தால் போதும்.

இயற்பியல் தாளுக்கு 40 மதிப்பெண், ஒன்றரை மணி நேரம். முன்னால் 15 நிமிடம் கூல் ஆஃப் டைம் உண்டு, அது கேள்வியைப் படிக்க. கடைசிப் பத்து நிமிடத்தைச் சரிபார்க்க ஒதுக்கினால் எழுத மிஞ்சுவது 80 நிமிடம். ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம், நாலு மதிப்பெண் கேள்விக்கு எட்டு நிமிடம். இதற்குள் யோசிப்பதும் எழுதுவதும் முடிய வேண்டும்.

மின்னோட்டத்தின் வெப்ப விளைவையே எடுத்துக்கொள்வோம். நோட்டில் H = I²Rt இருக்கும், அதிலிருந்து H = VIt, H = V²t/R வந்த கதை அரைப் பக்கத்துக்கு இருக்கும். அந்த அரைப் பக்கத்தைத் தாராளமாக அடித்துவிடலாம். V = IR தெரிந்தவனுக்கு அது தானாக வரும். அதற்காக, "மூணும் ஒண்ணுதானே" என்று முதல் சூத்திரத்தை மட்டும் வைத்துக்கொள்வதும் ஆபத்து. ஹீட்டர் கம்பியைப் பாதி நீளமாக்கி அதே 230 வோல்ட்டில் மாட்டினால் வெப்பம் என்ன ஆகும்? I²Rt மட்டும் கண்ணில் பட்டால், R பாதி, அதனால் வெப்பமும் பாதி என்று எழுதிவிடுவார்கள். R பாதியானால் மின்னோட்டம் இரட்டிப்பாகும் என்பது அவசரத்தில் மறந்துபோகும். V²t/R-ஐப் பார்த்தால் வெப்பம் இரட்டிப்பு என்பது உடனே தெரியும். ஆக, வைக்க வேண்டியது இந்த ஒரு வரி: "V மாறாவிட்டால் R குறைய வெப்பம் கூடும், தொடரிணைப்பில் I ஒன்றே, அங்கே R கூட வெப்பம் கூடும்." பெரும்பாலான ஷார்ட் நோட்டில் சூத்திரம் பத்திரமாக இருக்கும், இந்த நிபந்தனைதான் முதலில் வெட்டுப்படும்.

கணக்குக்கும் இதே கதிதான். 230 V, 1000 W ஹீட்டரை 115 வோல்ட்டில் போட்டால் பவர் எவ்வளவு? வகுப்பில் செய்த முறையில் முதலில் R = 230 × 230 ÷ 1000 = 52.9 Ω. பிறகு 115 × 115 = 13225, அதை 52.9-ஆல் வகுத்தால் 250 W. முறை சரிதான், ஆனால் அந்த வகுத்தலிலேயே நேரம் கரைந்துவிடும். P = V²/R, R மாறாது என்று எடுத்துக்கொண்டால் V பாதியாகும்போது P கால்பங்கு. 1000-இல் கால்பங்கு 250, முடிந்தது. ஷார்ட் நோட்டுக்கு "V பாதி, P கால் (R மாறாது)" போதும். விடைத்தாளில் மட்டும் சூத்திரத்தையும் இடைப்படியையும் எழுதிவிட வேண்டும். வெறும் 250 என்று போட்டால் படிக்கான மதிப்பெண் போய்விடும்.

நிக்ரோம் கம்பி ஏன் என்பதற்கு நோட்டில் ஒரு பத்தியே இருக்கும். எனக்கு வேண்டியது மூன்றே விஷயம்: தடைத்திறன் அதிகம், உருகுநிலை அதிகம், பழுக்கக் காய்ந்தாலும் ஆக்சிஜனேற்றம் ஆகாமல் வெகுநேரம் தாங்கும். ஒருத்தி இதையும் சுருக்கி "நி – த, உ, ஆ" என்று எழுதி வைத்திருந்தாள். ஒரு வாரம் கழித்து "ஆ" என்னவென்று அவளுக்கே தெரியவில்லை! சுருக்கெழுத்தை நாலு நாள் மூடிவைத்துவிட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். விரியாவிட்டால் முழுச் சொல்லையே எழுதிக்கொள்வது நல்லது.

எது நிற்கும், எது போகும் என்பதை நோட்டைப் பார்த்துக்கொண்டே முடிவு செய்யக் கூடாது. பார்க்கும்போது எல்லாமே தெரிந்த மாதிரிதான் இருக்கும். மூடிவைத்துவிட்டு, வெள்ளைத்தாளில் ஒரு நாலு மதிப்பெண் விடையைக் கடிகாரம் பார்த்து எழுதச் சொல்வேன். எட்டு நிமிடத்துக்குள் சரியாக வந்ததை ஷார்ட் நோட்டிலிருந்து அடித்துவிடலாம். தடுமாறிய வரி மட்டும் நிற்கும், அலகை விட்டிருந்தால் அலகும் சேர்த்து. அதனால்தான் அடுத்தவர் ஷார்ட் நோட்டை ஜெராக்ஸ் எடுப்பதில் எனக்கு நம்பிக்கையே இல்லை. அவன் தடுமாறிய இடம் இவன் தடுமாறும் இடமல்ல.

கதிர்ப்படங்களில் மட்டும் நான் கை வைப்பதில்லை. குவிலென்ஸில் பொருள் F-க்கும் 2F-க்கும் நடுவே இருக்கும் படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கினால், எந்தக் கதிர் எங்கே வளைகிறது என்பதே தெரியாது. அதை ஸ்கேல் வைத்து முழு அளவில் வரைந்து வைக்கட்டும். பக்கம் கூடினால் கூடட்டும்.