அட்டை விடுதலும் ரத்தக்குழாய் கீறலும்

“அட்டை விட்டாலும் குழாயைக் கீறினாலும் ஒன்றுதானே?”

அளவில்தான் பெரிய வேறுபாடு. கடும் காய்ச்சலுக்கு மிகை ரத்தமே காரணம் என்ற பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன், வலுவான நோயாளிக்கு மயக்கம் வரும்வரைகூட ரத்தம் வடித்தார். காய்ச்சலில் ஏற்கெனவே நீர் வற்றிய உடலுக்கு அது கேடு. மயங்கியவர் குளிர்ந்து அடங்குவதைக் குணமாக எண்ணினார்கள்.

பண்டைய இந்திய மருத்துவர் சுசுருதரின் முறையில் பித்தத்தால் கெட்ட ரத்தத்துக்கு அட்டை. கடித்த இடத்தில் குத்தலும் அரிப்பும் வந்தால் நல்ல ரத்தத்தைக் குடிக்கிறதென்று பொருள், எடுத்துவிட வேண்டும். விடாவிட்டால் வாயில் இந்துப்புத் தூள். பிறகு எண்ணெயும் உப்பும் தடவி, குடித்ததைக் கக்கவைப்பார்கள். தோஷ விளக்கம் தவறானாலும், தேங்கிய ரத்தம் உண்மையிலேயே வடிந்தது. அட்டையின் உமிழ்நீரிலுள்ள ஹிருடின் உறைதலைத் தடுப்பதால், அது விழுந்த பிறகும் பல மணி நேரம் கசியும். துண்டாகி அறுவை சிகிச்சையில் மீண்டும் ஒட்டிய விரலில் சிரை அடைத்து நீலம் பாரித்தால் இன்றும் அட்டை விடுகிறார்கள். அதன் குடலிலுள்ள ஏரோமோனாஸ் கிருமி புண்ணைக் கெடுக்கக்கூடும் என்பதால் கூடவே ஆன்டிபயாடிக்கும் தருகிறார்கள்.