குழுத் தலைவர் பதவிக்கு 12 பெரிதா, 3 பெரிதா?

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இயங்கும் சிறிய மென்பொருள் நிறுவனங்கள் குழுத் தலைவர் பதவிக்கு ஆள் எடுக்கும்போது, விண்ணப்பத்தில் "இத்தனை பேர் கொண்ட குழுவை வழிநடத்தினேன்" என்ற வரியைத் தேடிப் பிடித்து, அந்த எண்ணைக் கொண்டே விண்ணப்பங்களை வரிசைப்படுத்திவிடுகின்றன. இந்த வழக்கம் தவறானது என்பது என் உறுதியான கருத்து. அந்த எண்ணைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருக்கின்றன. அவற்றைக் கேட்காமல் அதற்குப் புள்ளி போட முடியாது.

அண்மையில் இப்படியான ஒரு தேர்வுக் குழுவில் வெளி உறுப்பினராக இருந்தேன். தலைவரைத் தேடிய மென்பொருள் குழுவில் 6 பேர். அவர்களில் 4 பேர் அறிவியல்நகர் பொறியியல் பீடத்திலிருந்தும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலிருந்தும் அண்மையில் வெளியேறியவர்கள். வாடிக்கையாளருடன் பேசித் திகதிகளைத் தீர்மானிக்கும் முகாமையாளர் கொழும்பில் இருக்கிறார். ஆகவே இந்தப் பதவியில் அமர்பவரின் முதன்மையான வேலை, புதியவர்களைத் தனித்து நிற்கும் பொறியியலாளர்களாக ஆக்குவதுதான். விண்ணப்ப உறைகளைத் திறப்பதற்கு முன்பே, பிறரை வளர்த்தெடுத்தமைக்கு 45, ஒரு வேலையைப் பொறுப்பேற்று முடித்துக் கொடுத்தமைக்கு 35, ஆட்களை நிர்வகித்தமைக்கு 20 என்று புள்ளிகளைப் பிரித்து, எப்படிப்பட்ட பதிலுக்கு எவ்வளவு என்பதையும் எழுதி வைத்தோம். இதனை முன்கூட்டியே செய்யாவிட்டால், நேரில் வந்து நன்றாகப் பேசிய ஒருவருக்குச் சாதகமாக அளவுகோல் நம்மையறியாமலே வளைந்துவிடும். 2022இல் உளவியலாளர் பால் சாக்கெட்டும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் வெளியிட்ட மீளாய்விலும், ஒருவரின் பணித்திறனை முன்னறிவதில் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் புள்ளியிடும் நேர்முகத் தேர்வு முன்னணியில் நின்றது. அனுபவ ஆண்டுகளின் எண்ணிக்கை மிகவும் பின்னால் இருந்தது.

இறுதிச் சுற்றுக்கு இருவர் வந்தனர். முதலாமவர் 12 பேர் என்றும் இரண்டாமவர் 3 பேர் என்றும் எழுதியிருந்தனர். ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் இருந்தார்கள், எவ்வளவு காலம், அன்றாட வேலையைப் பிரித்துக் கொடுத்தது யார், விடுமுறையை அனுமதித்தது யார், ஆண்டு மதிப்பீட்டை எழுதியது யார், ஒருவர் சரியாக வேலை செய்யாதபோது அவருடன் உட்கார்ந்து பேசியது யார் என்று இருவரிடமும் கேட்டோம். 12 என்பது மூன்று ஆண்டுகளில் வந்து போனவர்களின் மொத்தம். ஒரே நேரத்தில் இருந்தவர்கள் 5 பேர், அவர்களிலும் 2 பேர் பயிற்சி மாணவர்கள். மதிப்பீடும் விடுமுறையும் முகாமையாளர் கையில் இருந்தன. முதலாமவர் பொய் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. 5 பேருக்கு நாள்தோறும் வேலை பிரித்து, அவர்கள் எழுதிய நிரலைப் பார்த்துத் திருத்துவதும் தலைமைதான், அதற்குரிய புள்ளியை அவர் பெற்றார். இரண்டாமவரின் 3 பேரோ இரண்டு ஆண்டுகளும் அவருடனேயே இருந்தவர்கள். அவர்களின் மதிப்பீட்டை எழுதியதும், அவர்களில் ஒருவரைத் தெரிவு செய்ததும் அவரே.

வளர்த்தெடுத்தல் பற்றிய கேள்வியில்தான் விண்ணப்பதாரர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஏனெனில் பலர் வகுப்பு எடுப்பதையும் ஒருவரை வளர்ப்பதையும் ஒன்றாகவே கருதுகிறார்கள். நாங்கள் கேட்டது இவ்வளவுதான்: ஒரே ஒருவரைத் தெரிவு செய்யுங்கள், தொடக்கத்தில் அவரால் எதைச் செய்ய முடியவில்லை, நீங்கள் என்ன செய்தீர்கள், அது பலித்தது என்று எதைக் கண்டு அறிந்தீர்கள்? முதலாமவர் வாரந்தோறும் குழு முழுவதற்கும் வகுப்பு நடத்தியிருந்தார், நல்ல குறிப்புகளும் தயாரித்திருந்தார். ஆனால் அதனால் மாறிய ஒருவரைச் சுட்டிக் காட்ட அவரால் முடியவில்லை. இரண்டாமவர், தரவுத்தள மாற்றங்களை எழுதினால் ஒவ்வொரு முறையும் திருத்தத்துக்குத் திரும்பி வந்த ஓர் இளையவரைப் பற்றிச் சொன்னார். முதலில் பக்கத்தில் இருந்து சேர்ந்தே எழுதினார். பிறகு சோதனையை முதலில் எழுதிவிட்டு மாற்றத்தைத் தொடங்கும்படி கேட்டார். அதன்பின் இன்னொருவரின் நிரலைச் சரிபார்க்கும் பொறுப்பை அந்த இளையவரிடமே கொடுத்தார். ஆறு மாதங்களில், அவர் எழுதிய மாற்றங்களைத் தாம் பார்க்காமலே வெளியிட அனுமதித்தார். தலைவரின் கை எந்த இடத்தில் தேவைப்படாமல் போனது என்பதைச் சொல்லும் பதிலே நான் நம்பும் சான்று.

வேலையை முடித்துக் கொடுத்த பொறுப்பில் நிலைமை தலைகீழாக இருந்தது. முதலாமவர் ஒரு சம்பளப் பட்டியல் மென்பொருளை வெளியிட இருந்த வேளையில், பின்திகதியிட்ட சம்பள உயர்வும் சம்பளமற்ற விடுமுறையும் ஒரே மாதத்தில் வந்தால் கணக்குப் பிழைப்பதைக் கண்டார். அறிக்கைப் பகுதியைப் பிந்திய வெளியீட்டுக்குத் தள்ளிவிட்டுக் கணக்கைத் திருத்துவது என்று தாமே முடிவெடுத்து, வாடிக்கையாளரிடம் தாமே சொல்லி, வெளியிட்ட பிறகு வந்த முறைப்பாடுகளையும் தாமே ஏற்றார். எதைக் கைவிடுவது என்ற முடிவும் அதன் விளைவும் அவருடையவை. இரண்டாமவர் எல்லாத் திகதிகளிலும் வேலையை ஒப்படைத்திருந்தார். ஆனால் நம் பக்கத்துப் பிள்ளைகள் பலரைப் போலத் தன் பங்கைத் தனியே எடுத்துச் சொல்வதைத் தற்பெருமை என்று எண்ணி, எல்லாவற்றையும் குழுவின் மீதே ஏற்றிப் பேசினார். இந்தப் பணிவைத் தலைமைக் குறைவு என்று எழுதிவிடும் தேர்வாளர்கள் இருக்கிறார்கள், அது பெரிய அநீதி. ஆகவே அவர் எடுத்த முடிவு எது என்று மீண்டும் பொறுமையாகக் கேட்டோம். கேட்ட பிறகும் முடிவுகள் அவருடைய முகாமையாளருடையவையாகவே இருந்தன. அதற்கேற்பக் குறைந்த புள்ளியே கிடைத்தது.

அவருடைய விண்ணப்பத்தின் கடைசி வரியில், இரணைமடுக் குளத்தின் கீழுள்ள ஒரு கமக்கார அமைப்பின் செயலாளராக இருந்ததாக எழுதியிருந்தார். தேர்வுக் குழுவில் ஒருவர் அதனைப் புறக்கணிக்கச் சொன்னார், மற்றவர் மேலதிகப் புள்ளி கொடுக்கச் சொன்னார். நான் இரண்டையும் ஏற்கவில்லை, அதே கேள்விகளை இதற்கும் கேட்போம் என்றேன். சிறுபோகத்தில் கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் எட்டாதபோது முறை வரிசையை மாற்றியமைத்து, தலைமடைக்காரர் நிறைந்த கூட்டத்தில் அந்த மாற்றத்துக்குப் பதில் சொன்னவர் அவர். இது ஆட்களை நிர்வகித்ததற்கு நல்ல சான்று, அந்த 20க்குள் சேர்த்தோம். மென்பொருள் வெளியீட்டுக்கு இது சான்றாகாது என்பதால் 35ஐத் தொடவில்லை.

சான்றுகளைச் சரிபார்ப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. விண்ணப்பப் படிவங்கள் உறவினரல்லாத இருவரின் பெயர்களைக் கேட்கின்றன, பிள்ளைகளும் வழக்கப்படி கிராம அலுவலரையும் பாடசாலை அதிபரையும் எழுதுகிறார்கள். அவர்களுக்கு இவருடைய குழுவில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எப்படித் தெரியும்? இவருக்குக் கீழ் வேலை செய்த ஒருவரையும், இவருக்கு மேலே இருந்த ஒருவரையும் படிவம் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

நாங்கள் ஒருவரோடொருவர் பேசுவதற்கு முன் தனித்தனியே புள்ளியிட்டு, பின்னரே ஒப்பிட்டோம். இணங்கிய புள்ளிகளின்படி இரண்டாமவருக்கு 40, 15, 17 என 72. முதலாமவருக்கு 20, 32, 12 என 64. பிறகு ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வளர்த்தெடுத்தலுக்கு 35, பொறுப்பேற்று முடித்தலுக்கு 45 என்று மாற்றியிருந்தால், அதே பதில்களுக்கு இரண்டாமவர் ஏறத்தாழ 67, முதலாமவர் ஏறத்தாழ 69 பெற்றிருப்பார்கள். புதியவர்கள் இல்லாத, வாடிக்கையாளரை நேரே எதிர்கொள்ளும் ஒரு குழுவாக இருந்தால் அந்தப் பிரிப்பே சரியாக இருந்திருக்கும், முதலாமவரே தெரிவாகியிருக்க வேண்டும். இதனை அவருக்குக் கடிதத்திலேயே விளக்கி எழுதும்படி நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டோம். இரண்டாமவரின் நியமனத்தோடு, அடுத்த வெளியீட்டில் எதைச் சேர்ப்பது எதை விடுவது என்ற முடிவைக் கொழும்பு முகாமையாளர் அவரிடம் விட வேண்டும் என்ற பரிந்துரையும் சென்றது.