பெயரில்லாப் புகார் எதுவரை போகும்?
வகுப்பில் யாராவது கேலி செய்தால், “பெயர் சொல்லாமல் புகார் கொடுத்தாலே போதும், பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும்” என்று சொல்வார்கள். எங்கள் அனுபவம் வேறு. கொழிஞ்சாம்பாறையிலிருந்து இங்கிலாந்துக்கு எம்.எஸ்சி. படிக்கப் போன என் அக்கா மகன் முதலில் அதைத்தான் செய்தான். இவன் வாய் திறந்தாலே வகுப்பில் ஒருவன் தலையை ஆட்டி இவன் உச்சரிப்பிலேயே பேசிக் காட்டுவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். பாலக்காட்டில் தமிழ் வாடை, கோவையில் மலையாள வாடை என்று கேலி கேட்டே வளர்ந்தவன்தான், ஆனாலும் இது வலித்தது. பெயரில்லாமல் இணையத்தில் எழுதிய புகார் பதிவானது, அவ்வளவுதான். புகார் தந்தவர் யாரென்று தெரியாமல் எதிராளியை விசாரிக்க முடியாதாம். அப்புறம் மாணவர் சங்க ஆலோசகரிடம் போனான். “எப்போதும் கேலி செய்கிறார்கள்” என்ற வரியை அவர் அடித்துவிட்டு, மூன்று சம்பவங்களை மட்டும் தேதி, வகுப்பு, சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் இருந்தவர் பெயர், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் என எழுத வைத்தார். அங்கே 2010 சமத்துவச் சட்டத்தில் ‘இனம்’ என்பதில் நாடும் பூர்விகமும் அடக்கம், அதையும் சேர்த்தார்கள். பெயரோடு போன பிறகுதான் விசாரணையே தொடங்கியது. பல்கலைக்கழகம் தரும் தீர்ப்பு சரியில்லை என்றால்? அதன் உள் நடைமுறை முடிந்ததற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் என்றால் அந்தக் கடிதத்தின் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் ஓஐஏ என்ற வெளி அமைப்பிடம் போகலாம், மாணவருக்குக் கட்டணம் இல்லை.